ஒரே இழுப்பில் கழலும் பூட்ஸ்

கும்பகோணத்தின் எல்லையில், மயிலாடுதுறை போகும் சாலையை ஒட்டி ஒரு பவுண்டரி, இரும்பு வார்ப்புப் பட்டறை, இருந்தது. டிராக்டருக்கு மாட்டும் சேற்றுச் சக்கரம், பம்புசெட்டின் உடல், மதகுக்கான பல்சக்கரம் என்று வயலுக்கு வேண்டிய இரும்புச் சாமான்களை அங்கே வார்த்தார்கள். நான் முதல்முறை அங்கே போனபோது, உருகிய இரும்பைச் சுமந்து நடந்தவர்கள் எல்லோரும் வெறுங்காலோடு இருந்தார்கள். அவர்கள் கால் வைத்து நடந்த மண்ணில் அங்கங்கே இரும்புத் துளிகள் சிவந்து கிடந்தன.

எனக்குத் தெரிந்த தொழில் காலணி. குத்தாலத்துப் பக்கத்தில் நெல் வயலில் கூலி வேலை பார்த்த குடும்பம் எங்களுடையது. மிஷன் பள்ளியில் படித்து, சென்னையில் காலணிப் பயிற்சி முடித்து, ஏற்றுமதிக்குப் பூட்ஸ் செய்யும் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். நாடு சந்தையைத் திறந்துவிட்ட புதிது. வெளிநாட்டுச் சுரங்கங்களுக்கும் கப்பல் தளங்களுக்கும் இங்கிருந்து பூட்ஸ் கப்பல் கப்பலாகப் போனது. தோலை எப்படி வெட்ட வேண்டும் என்று அட்டையில் வரைந்து கொடுப்பதுதான் என் வேலை. கல்யாணமாகி, கணவர் வளைகுடாவில் வெல்டராக இருந்துவிட்டுத் திரும்பி வந்ததும், இருவருமாகக் கும்பகோணத்தில் குடியேறினோம். அவருக்கு அந்தப் பவுண்டரியிலேயே வெல்டிங் பிரிவில் வேலை கிடைத்தது. நான் வாடகைக்கு ஒரு அறை பிடித்து, பழைய தையல் மிஷின் ஒன்றை வைத்துக்கொண்டு, பள்ளிப் பைகளும் தோல் செருப்புகளும் தைத்துக்கொண்டிருந்தேன்.

பவுண்டரி முதலாளி என்னைக் கூப்பிட்டு அனுப்பியதற்கு ஒரு விபத்துதான் காரணம்.

வடக்கே ஒரு டிராக்டர் கம்பெனிக்குச் சாமான் வார்த்துக் கொடுக்கும் ஆர்டர் அவருக்குக் கிடைத்திருந்தது. ஆட்கள் பாதுகாப்புக் காலணி போட்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த நிபந்தனைகளில் ஒன்று. முதலாளி கேட்டலாக் பார்த்துச் சென்னையிலிருந்து ஒரு மூட்டை ஷூ வரவழைத்தார். விரல்களுக்கு மேலே இரும்புத் தொப்பி வைத்த, கயிறு கட்டும் ஷூ. சரக்கு ஏற்றுகிறவர்களுக்கு அது நல்ல ஷூதான். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு இரும்பு ஊற்றப் போன ஒருவரின் காலில், கணுக்கால் வழியாக ஒரு துளி உள்ளே இறங்கிவிட்டது. துளி என்றால் புளியங்கொட்டை அளவு. அவர் குனிந்து கயிற்றை இழுத்தார். வியர்வையில் ஊறிய முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை. கத்தி கொண்டுவந்து கயிற்றை அறுப்பதற்குள் இரும்பு விரல்களுக்குப் போய்விட்டது. கடைசியில் ஆஸ்பத்திரியில் சுண்டுவிரலையும் அதற்கு அடுத்த விரலையும் எடுத்துவிட்டார்கள்.

அவர் உலை மேஸ்திரியின் சொந்தத் தம்பி.

நான் போன அன்று மேஸ்திரி முதலாளியின் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கிய, தோள் அகன்ற மனிதர். என்னைப் பார்த்ததும் அவரே பேச ஆரம்பித்தார்.

"தங்கச்சி, உங்க வீட்டுக்காரர் எனக்கு நல்லாப் பழக்கம். அதனால மொகத்துக்கு நேரா சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க ஆளுங்களுக்கு ஷூ வேண்டாம். வெறுங்காலா இருந்தா ஒரு உதறு உதறுவோம், கொப்புளத்தோட போயிடும். அந்தக் கருமத்தைப் போட்டுத்தான் என் தம்பி விரல் போச்சு."

"நீங்க சொல்றது சரிதாண்ணே" என்றேன்.

வாதாடுவேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. கொஞ்சம் திகைத்துப் பார்த்தார்.

"கயிறு கட்டுற ஷூவை இரும்பு ஊத்துற எடத்துல போடவே கூடாது. எங்க கம்பெனியில இதுக்குன்னே தனியா பூட்ஸ் செய்வோம். உள்ள ஏதாவது விழுந்துட்டா ஒரே இழுப்புல கழண்டு வந்துரணும். அதுதான் மொதல் விதி. மத்ததெல்லாம் அப்புறம்தான்."

"அப்படி ஒண்ணு இருக்கா?"

"இருக்கு. ஆனா அதுவும் நம்ம ஆளுங்க காலுக்கு ஆகாது. நான் செஞ்சு தர்றேன்."

சொல்லிவிட்டேனே தவிர, எப்படிச் செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கம்பெனியில் நான் வரைந்த ஒவ்வொரு அட்டைக்கும் பின்னால் சோதனைக்கூடமும் பெரிய அதிகாரிகளும் இருந்தார்கள். இங்கே நானும் என் தையல் மிஷினும்தான். முதலாளி, "ஊத்துற ஆளுங்களுக்கு மட்டும் மொதல்ல செய்யுங்கம்மா, அவங்க சரின்னு சொன்னாத்தான் மேற்கொண்டு" என்றார். அது நியாயமாகப் பட்டது.

முதலில் கால் அளவு எடுக்க வேண்டியிருந்தது. செருப்பில்லாமல் வயலிலும் மண்ணிலும் நடந்த கால் முன்பக்கம் விசிறி மாதிரி விரிந்திருக்கும். கேட்டலாக் ஷூவின் இரும்புத் தொப்பி அந்த விரல்களை இரண்டு பக்கமும் நெரிக்கும். அதனால் ஒவ்வொருவர் காலையும் தாளில் வரைந்து, மேல்பாதத்தின் உயரத்தையும் நாடாவால் அளந்தால்தான் உண்டு. ஒரு பெஞ்சு போட்டு உட்காரச் சொல்லி, நான் கீழே உட்கார்ந்தேன். முதல் ஆளாக வந்த மேஸ்திரி காலைத் தாளில் வைத்தவர், நான் கை வைத்ததும் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"பொம்பளப் புள்ளை காலைத் தொடுறதாவது. வேற யாராவது அளக்கட்டுமே."

"டாக்டரம்மா ஊசி போட்டா வேண்டாம்பீங்களா? கால வைங்கண்ணே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே காலை வைத்தார். என் அப்பா சின்ன வயதில், சில தெருக்களில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர். அப்படிப்பட்ட தெருக்களிலிருந்து வந்தவர்களும் அன்று அந்த வரிசையில் இருந்தார்கள். எங்கள் தெருவிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். எல்லோர் காலையும் நான் ஒரே பென்சிலால்தான் வரைந்தேன். காலில் இருந்த தீத்தழும்புகளில் எந்த வித்தியாசமும் இல்லை.

தோல் ராணிப்பேட்டையிலிருந்து வந்தது. குரோம் பதனிட்ட, தடித்த மாட்டுத்தோல். வெல்டர்களின் கையுறைக்குப் பயன்படும் சொரசொரப்பான தோல்தான் தீயைத் தாங்கும் என்று பலரும் நினைப்பார்கள். பொறிக்கு அது சரி. உருகிய இரும்புக்கு உதவாது. அந்தச் சொரசொரப்பில் துளி உட்கார்ந்துகொண்டு, இறங்கிக்கொண்டே இருக்கும். மழமழப்பான பக்கம் வெளியே இருந்தால் உருண்டு ஓடிவிடும். எண்ணெய் நிறைய ஏற்றிய தோல் பார்வைக்கு அழகு, ஆனால் பற்றிக்கொள்ளும். உலை மூட்டிய ஒரு நாள் மதியம் மேஸ்திரியிடம் கெஞ்சி, தோல் துண்டுகளைச் சாய்வாக ஒரு தகரத்தில் வைத்து, சின்னக் கரண்டியால் இரும்பை ஊற்றச் சொன்னேன். மற்றவை புகைந்தன, சுருண்டன. நான் தேர்ந்தெடுத்த தோல் மேலே கறுத்ததே தவிர, பின்பக்கம் ஓட்டை விழவில்லை.

மேஸ்திரி அந்தத் துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நூலு?" என்று மட்டும் கேட்டார்.

நல்ல கேள்வி. தோல் தாங்கினாலும் சாதாரண நைலான் நூல் உருகி, தையல் பிரிந்துவிடும். பழைய கம்பெனிக்கு எழுதி, தீயில் உருகாத மஞ்சள் நூல் கொஞ்சம் வாங்கியிருந்தேன். கத்தரிக்கோலுக்கே அடங்காத நூல் அது. அதோடு, பாதத்தின் முன்பக்கத்தில் தையலே வராதபடி ஒரே துண்டுத் தோலாக வெட்டினேன். பக்கவாட்டில் வரும் மடிப்புகளும் பின்னோக்கியே திரும்பியிருக்கும். மேலே விழுந்தது எங்கேயும் தங்காமல் வழிந்து போக வேண்டும். அடிப்பாகத்துக்குச் சூட்டைத் தாங்கும் ரப்பர் போட்டேன். கேட்டலாக் ஷூவின் மெத்தென்ற அடிப்பாகம் சூடான மண்ணில் இளகி ஒட்டிக்கொள்கிறது என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள்.

என்னை அதிகம் படுத்தியது மேல்பாதக் காப்புதான். விரல் தொப்பி விரலை மட்டும்தான் காக்கும். அதற்குப் பின்னால், பாதத்தின் மேடான பகுதியில் மெல்லிய நீள எலும்புகள் இருக்கின்றன. பவுண்டரியில் விழுகிற சாமான் பெரும்பாலும் அங்கேதான் விழும். இரும்புத் தகட்டை வளைத்து, தோலுக்குள் வைத்து, விரல் தொப்பியின் மேல் கொஞ்சம் ஏறி நிற்கும்படி முதல் காப்பைச் செய்தேன். அதைச் சோதிக்க ஒரு கால் வேண்டும். மனிதக் காலை வைத்துச் சோதிக்க முடியுமா? எங்கள் சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் கோயில் பிள்ளையிடம் கேட்டு, பீடத்தில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்திக் கட்டைகளை ஒரு பை நிறைய வாங்கி வந்து உருக்கி, பாதம் மாதிரி வார்த்தேன். அதைப் பூட்ஸுக்குள் வைத்து, ஒரு குழாய் வழியாக மேலிருந்து இரும்புக் கட்டியை விட்டோம். வெளியே எடுத்துப் பார்த்தால் மெழுகுக்கால் நசுங்கிக் கிடந்தது.

என் கணவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, "தகடு நல்லாத்தான் இருக்கு. அது எது மேல நிக்குது?" என்று கேட்டார்.

"கால் மேலதான்."

"அப்ப அடி காலுக்குத்தானே போகும். பாலத்துக்குத் தூண் வேண்டாமா?"

அவர் வெல்டர். பாரம் எங்கே போய் இறங்குகிறது என்று பார்ப்பதே அவர் பிழைப்பு. கம்பெனியில் எனக்கு இந்தத் தகடு தயாராக வந்து சேரும். அதன் ஓரங்கள் ஏன் அவ்வளவு கீழே இறங்கியிருக்கின்றன என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. தகட்டின் இரண்டு ஓரங்களையும் நீட்டி, பூட்ஸின் அடிப்பாகத்தின் விளிம்பில் உட்காரும்படி மாற்றினோம். இப்போது இரும்பு விழுந்தால் பாரம் காலைத் தாண்டி அடிப்பாகத்துக்கே போய்விடும். மறுபடி கட்டியை விட்டோம். தகடு சொட்டை விழுந்தது. மெழுகுக்கால் முழுசாக வந்தது. அதைத் துணியில் சுற்றி, அவர் முன்னால் வைத்துவிட்டு, நான் ஒரு தம்ளர் காபியை நிம்மதியாகக் குடித்தேன்.

அடுத்த சிக்கலும் அவர் காலில்தான் தெரிந்தது. நம் ஊர் வெல்டர்கள் குந்தி உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள். ஒரே தகடாக இருந்த காப்பு, குந்தும்போது கணுக்காலுக்கு முன்னால் குத்தியது. "அரை நாள் போட்டேன். நாளைக்கு யாரும் பார்க்காதப்ப நானே இதைப் பிடுங்கி எறிஞ்சுடுவேன்" என்றார். கோபம் வந்தது எனக்கு. ஆனால் வேலை செய்கிறவர் பிடுங்கி எறியும் காப்பு காப்பே இல்லை. தகட்டை இரண்டாக வெட்டி, மேல் துண்டு கீழ்த் துண்டின் மேல் ஓடு வேய்ந்த மாதிரி ஏறி நிற்கும்படி வைத்தேன். இறாலின் முதுகு வளைவது போல, குந்தும்போது இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று நகர்ந்தன. அவர் குந்தினார், எழுந்தார், மறுபடி குந்தினார். அதைக் கழற்றாமலே வேலைக்குப் போனார். அவரிடமிருந்து அதுதான் பெரிய பாராட்டு.

கடைசியாகக் கழற்றும் வழி. கையுறை போட்ட கை, பதற்றம், புகை. இந்த மூன்றோடும் ஒருவர் அதைக் கழற்ற வேண்டும். பூட்ஸின் வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழ்வரை திறக்கும் மடலாக வெட்டினேன். மடல் பின்பக்கமாகப் படிந்து மூடும். டிபன் கேரியரை அழுத்திப் பூட்டும் மாதிரி ஒரு இரும்புக் கிளிப் அதைப் பிடித்துக்கொள்ளும். கிளிப்பில் கை நிறையப் பிடிக்க ஒரு தோல் பட்டை. இழுத்தால் மொத்த மடலும் விரியும். குதிகாலில் அடிரப்பரைக் கொஞ்சம் வெளியே நீட்டியிருந்தேன். மற்றக் காலால் அதை மிதித்துக்கொண்டு காலை உருவிவிடலாம்.

முதல் நாள் அது என் மானத்தை வாங்கியது. மேஸ்திரி பூட்ஸைப் போட்டுக்கொண்டு, எல்லோரும் பார்க்க வார்ப்பு மண்ணில் நடந்தார். பாதி வழியில் கிளிப் தானாகத் திறந்து, பூட்ஸ் மண்ணிலேயே நின்றுவிட்டது. அவர் ஒற்றைக்காலோடு முன்னால் போய்விட்டார். கூரை அதிரச் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்து அவரோடு நான் பேசவில்லை. கிளிப்பை இன்னும் பின்னுக்குத் தள்ளி, மேலே ஒரு சின்னத் தோல் மூடி தைத்தேன். நடக்கும்போது தோல் மடிகிற இடத்தில் அது இருந்ததுதான் பிசகு. அதோடு இன்னொன்றும் செய்தேன். காப்புத் தகட்டுக்கும் மடலுக்கும் எங்கேயும் தொடர்பு இல்லாமல் பிரித்தேன். தகடு நசுங்கினாலும் மடல் திறக்க வேண்டும் என்று மனதில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது.

இரண்டாவது தடவை மேஸ்திரியின் தம்பியும் வந்து நின்றார். அவருக்கு உலையில் வேலை இல்லை என்றாகி, மர அச்சுகளை அடுக்கும் அறையில் போட்டிருந்தார்கள். அண்ணன் பட்டையை இழுத்து, குதிகாலை மிதித்து, காலை உருவினார். தம்பி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னொரு தடவ பண்ணுண்ணே" என்றார்.

அண்ணன் மறுபடி செய்தார். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு அச்சு அறைக்குப் போய்விட்டார். மேஸ்திரி என்னைப் பார்த்து, "சரி, போடுறோம்" என்றார்.

பேன்ட்டைப் பூட்ஸுக்குள் செருகக் கூடாது, வெளியே விட வேண்டும், அப்போதுதான் விழுகிற இரும்பு உள்ளே வழியாமல் வெளியே போகும் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். ஏதோ பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி சொல்கிறேன் என்று கேலி செய்தார்கள். வெல்டிங் பிரிவுக்கும் அதே மாதிரியில், கொஞ்சம் எடை குறைத்து, தைத்துக் கொடுத்தேன். என் கணவரின் மேல்பாதத்தில் வளைகுடா நாட்களில் பொறி விழுந்த கரும்புள்ளிகள் அம்மைத் தழும்பு மாதிரி இருக்கும். புதுப் புள்ளி ஒன்றும் விழவில்லை என்று அவர் ஒரு நாள் தன் காலை நீட்டிக் காட்டினார்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. காவிரிப் பக்கத்தில் மழைக்காலம் என்றால் தண்ணீர் மேலிருந்து மட்டும் வராது, தரைக்குள்ளிருந்தும் வரும். பவுண்டரித் தரையெல்லாம் ஈரம் கசிந்தது. உருகிய இரும்புக்கு ஈரத்தைப் போல எதிரி கிடையாது. ஈர மண்ணில் ஊற்றினால் தண்ணீர் ஆவியாகி, இரும்பைத் தூக்கி வெளியே எறியும். அதனால் அச்சுகளைக் கரி நெருப்பால் காய வைத்துத்தான் ஊற்றுவார்கள். அன்று ஒரு அச்சின் அடியில் ஈரம் மிச்சம் இருந்திருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை.

நான் அன்று சில கிளிப்புகளை மாற்ற வந்திருந்தேன். வாசலில் நின்று குடையை மடக்கிக்கொண்டிருந்தேன். மேஸ்திரியும் இன்னொருவரும் நீளக் கம்பியின் இரண்டு முனைகளைப் பிடித்து, அதன் நடுவில் இருந்த லேடிலை, உருகிய இரும்பு நிறைந்த வாளியை, சாய்த்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று அச்சுக்குள் பானை கொதிப்பது போல ஒரு சத்தம். அடுத்த நொடி, வெள்ளையாக ஒரு கொத்து நெருப்பு மேலே எழும்பியது. எதிர்ப்பக்கம் நின்றவர் அலறிக்கொண்டு கம்பியை விட்டுவிட்டார். லேடில் சரிந்து, அதன் கனத்த கம்பி மேஸ்திரியின் இடது மேல்பாதத்தில் விழுந்தது. கூடவே இரும்பும் வழிந்தது.

பூட்ஸ் மேல் ஓடிய இரும்பு வாழையிலையில் தண்ணீர் போல இரண்டு பக்கமும் வழிந்து போனது. அதை என் கண்ணால் பார்த்தேன். ஆனால் தரை ஈரமாக இருக்கிறதே என்று அவர் அன்று பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டிருந்தார். தெறித்த ஒரு துளி மேல்வழியாக உள்ளே போய்விட்டது.

"கழட்டுங்கண்ணே!" என்று கத்தினேன். எனக்கு முன்னாலேயே அவர் கை பட்டையைப் பிடித்துவிட்டது. ஒரே இழுப்பு. மடல் விரிந்தது. வலது காலால் குதியை மிதித்துக்கொண்டு இடது காலை உருவி, காய்ந்த மணல்மேட்டில் போய் விழுந்தார். பூட்ஸ் தனியாக நின்று புகைந்துகொண்டிருந்தது. என் கணவர் வெல்டிங் பிரிவிலிருந்து ஓடிவந்து, அவரைத் தோளோடு பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார். கம்பியை விட்டவர் கையில் சில பொறிகளோடு தப்பித்திருந்தார்.

வெளியே தொட்டித் தண்ணீரில் மேஸ்திரியின் காலை வைத்துவிட்டுப் பார்த்தோம். கணுக்காலுக்குக் கீழே ஒரு கொப்புளம், ஒரு ரூபாய்க் காசு அகலம். மேல்பாதத்தில் கம்பி விழுந்த இடத்தில் கன்றிப்போய் இருந்தது. விரலையெல்லாம் மடக்கி நீட்டினார். பின்னால் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, எலும்பில் ஒன்றும் இல்லை என்றார்கள்.

தம்பி அச்சு அறையிலிருந்து ஓடி வந்தவர், அண்ணன் காலைத் தண்ணீருக்குள்ளிருந்து தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். மழைச் சத்தத்தில் அவர் அழுவது கேட்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

பூட்ஸ் ஆறிய பிறகு என் அறைக்கு எடுத்து வந்து பிரித்தேன். தோலின் மேல் பரப்பு கருகி வெடித்திருந்தது, உள்தோலில் நிறம்கூட மாறவில்லை. மஞ்சள் நூல் அப்படியே இருந்தது. மேல்தகடு ஆழமாகச் சொட்டை விழுந்து, ஓரங்கள் அடிரப்பரில் பதிந்து நின்றன. தகடு அவ்வளவு நசுங்கியும் மடல் தடையில்லாமல் திறந்தது, மூடியது. நான் அதைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கம்பெனியில் இருந்த வருஷங்களில் நான் வரைந்த பூட்ஸ்கள் எங்கெங்கோ போயின. அவை யாரை எப்போது காப்பாற்றின என்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. இந்த ஒன்று, எனக்குத் தெரிந்த ஒருவரின் காலை அவருக்கே திருப்பிக் கொடுத்திருந்தது. அன்று எனக்கு வந்த பெருமையை நான் அடக்கமாகச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. வாய்விட்டே சிரித்தேன், தனியாக உட்கார்ந்து.

டிராக்டர் கம்பெனி ஆட்கள் பார்வையிட வந்தபோது, முதலாளி அந்தப் பிரித்த பூட்ஸையே மேசைமேல் வைத்துக் காட்டினார். "இதை யார் செஞ்சது?" என்று கேட்டார்கள். முதலாளி என்னைக் காட்டினார். அவர்களில் ஒருவர் தகட்டின் ஓரங்கள் எப்படி உட்காருகின்றன, கிளிப் ஏன் பின்னால் இருக்கிறது என்று விவரமாகக் கேட்டார். சொன்னேன். பாலத்துக்குத் தூண் வேண்டாமா என்று கேட்டது என் கணவர்தான் என்பதையும் சொன்னேன். ஆர்டர் நிலைத்தது. மெல்ல மெல்ல, சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் வெல்டிங் வேலைக்குப் போகிற பையன்களின் குடும்பங்கள், கும்பகோணத்தில் பஸ் இறங்கி என் அறையைத் தேடி வர ஆரம்பித்தன. பள்ளிப் பைகளை நிறுத்திவிட்டு, உதவிக்கு எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டேன்.

மழை விட்டு, தை அறுவடை முடிந்த சமயம், மேஸ்திரியின் தம்பி என் அறைக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்கண்ணே, உக்காருங்க."

"எனக்கும் ஒரு ஜோடி அளவெடுக்கணும்" என்றார். "மொதலாளிகிட்ட கேட்டுட்டேன். அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன். மறுபடி ஊத்தப் போறேன்."

"பயமா இல்லையா?"

"பயம் இருக்கு. ஆனா அச்சு அடுக்குறது என் வேலை இல்லம்மா. எனக்கு இரும்பு ஊத்தத்தான் தெரியும்."

விரல் இல்லாத பக்கம் கால் பூட்ஸுக்குள் நகரும். நகர்ந்தால் புண்ணாகும், நடையும் தடுமாறும். கம்பளித் துணியையும் தக்கையையும் அடுக்கி, அந்த இடைவெளிக்குச் சரியாக ஒரு அடைப்புச் செய்தேன். அது பூட்ஸோடு சேர்ந்தே இருக்கும், கழற்றும்போது காலோடு வந்து மாட்டிக்கொள்ளாது. என் அறையிலேயே அவரைப் பலமுறை பட்டையை இழுக்கச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் கழன்று வந்தது. அவர் முதல்முறை ஊற்றிய அன்று நான் போகவில்லை, தைக்க வேண்டிய வேலை நிறைய இருந்தது. எல்லாம் நன்றாக நடந்ததாக என் கணவர் வந்து சொன்னார்.

அதன் பிறகு வந்த ஆயுத பூஜைக்கு முதலாளி எங்களைக் குடும்பத்தோடு கூப்பிட்டிருந்தார். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்றாலும், பவுண்டரியில் பொரியும் சுண்டலும் வாங்கிக்கொள்ளத் தவறியதில்லை. உலையைக் கழுவி, கோலம் போட்டு, லேடில், இடுக்கி, சுத்தியல், அச்சுப்பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். வெல்டிங் மிஷினுக்குக்கூட மாலை போட்டிருந்தது.

எல்லாம் முடிந்து கற்பூரம் ஏற்றப் போகும் நேரத்தில் மேஸ்திரி உள்ளே போய், துடைத்துப் பளபளப்பாக்கிய தன் புதுப் பூட்ஸைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார். லேடிலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

செருப்பைச் சாமிக்கு முன்னால் வைக்கிறவர்கள் எங்கள் ஊரில் இல்லை. வாசலுக்கு வெளியே கழற்றிவிட்டு வருகிற பொருள் அது. பின்னால் நின்ற ஒரு பெரியவர், "அதைப் போயா மேஸ்திரி..." என்று இழுத்தார்.

"ஏன்? லேடிலா என்னைக் காப்பாத்துச்சு? இதுதானே காப்பாத்துச்சு. இதுவும் ஆயுதம்தான்."

விரலால் சந்தனத்தைத் தொட்டு, காப்புத் தகடு இருக்கும் மேடான இடத்தில் வைத்தார். அதன்மேல் குங்குமம். தம்பி தன் ஜோடியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள். முதலாளி கற்பூரத் தட்டை எடுத்து, உலைக்குக் காட்டினார், லேடிலுக்குக் காட்டினார், பூட்ஸ் வரிசைக்கும் காட்டினார்.

அந்த வருஷம் அப்பாவையும் குத்தாலத்திலிருந்து அழைத்து வந்திருந்தேன். அவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்து, "அதுல எது எது நீ தைச்சது?" என்று கேட்டார்.

"எல்லாமே நான்தாம்ப்பா."

அவர் மறுபடி அந்த வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். பிறகு பொட்டலத்தைப் பிரித்து, ஒரு பிடிப் பொரியை எடுத்து என் கையில் வைத்தார்.